எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை: அரை ஆயுளும் டோஸ் இடைவெளியும்

மருந்து உடலில் சேர்ந்து வெளியேறும் விதத்தைக் கணக்கிடும் பார்மகோகைனெடிக்ஸ் பாடத்தின் ஸ்லைடுகளில் ரம்பப் பல் போன்ற ஒரு வரைபடம் தவறாமல் இருக்கும். ஒவ்வொரு மாத்திரைக்கும் ரத்தத்தில் மருந்தின் அளவு செங்குத்தாக ஏறும், பிறகு வளைந்து இறங்கும். முதல் சில பற்கள் படிப்படியாக உயர்ந்து, அதன்பின் எல்லாப் பற்களும் ஒரே உயரத்தில் நிற்கும். அதன் கீழே, 'நான்கு முதல் ஐந்து அரை ஆயுட்காலத்தில் நிலைத்த நிலை எய்தப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கும்போது அளவு ஏன் ஏறிக்கொண்டே போகவில்லை, டோஸைக் கூட்டினால் அந்த நிலை சீக்கிரம் வருமா, அரை ஆயுள் எட்டு மணி நேரம் என்றால் இடைவெளியும் எட்டு மணி நேரமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு அந்த வரி விடை சொல்வதில்லை. ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, மாத்திரை மாத்திரையாகக் கணக்கிட்டால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

அந்த மருந்து தியோஃபிலின். ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து. இன்ஹேலர்கள் வந்தபின் அதன் இடம் சுருங்கியிருந்தாலும், நம் ஊர் மருந்துக் கடைகளில் எட்டோஃபிலினுடன் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இன்னும் கிடைக்கிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி உள்ள மருந்து என்பதால், இங்கே கணக்குப் பிசகினால் விளைவு நோயாளியின் உடலில் தெரிந்துவிடும்.

## அரை ஆயுள் எதிலிருந்து வருகிறது

ரத்தத்தில் உள்ள மருந்தின் செறிவு பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரமே அரை ஆயுள். புகைபிடிக்காத, கல்லீரலும் இதயமும் நலமாக உள்ள பெரியவர்களிடம் தியோஃபிலினுக்கு அது ஏறத்தாழ 8 மணி நேரம். உடலில் 400 மி.கி. இருந்தால் எட்டு மணி நேரத்தில் 200 வெளியேறும். 200 மட்டும் இருந்தால் அதே எட்டு மணி நேரத்தில் 100 மட்டுமே வெளியேறும். வெளியேறும் மில்லிகிராம் மாறுகிறது, வெளியேறும் பங்கு மாறுவதில்லை. இனி வரும் அனைத்தும் இந்த ஒரு பண்பின் விளைவுதான்.

பலர் அரை ஆயுளை மருந்துக்கே உரிய மாறாத எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வேறு இரண்டு அளவுகளிலிருந்து பிறக்கும் எண்:

```
t½ = 0.693 × Vd / CL
```

இதில் Vd என்பது பரவல் கனஅளவு. மருந்து உடல் முழுவதும் ரத்தத்தில் உள்ள அதே செறிவில் பரவியிருப்பதாகக் கொண்டால், அதற்கு எத்தனை லிட்டர் திரவம் தேவைப்படும் என்பதை அது சொல்கிறது. தியோஃபிலினுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் அரை லிட்டர்; ஆக 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 லிட்டர். CL என்பது கிளியரன்ஸ். ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ரத்த நீர்மத்திலிருந்து மருந்து முழுமையாக நீக்கப்படுகிறது என்பதன் அளவு. மேலே உள்ள எண்களைப் போட்டுப் பார்த்தால் இவருக்கு மணிக்கு 2.6 லிட்டர் என்று வரும். தியோஃபிலினைப் பெரும்பாலும் கல்லீரலே சிதைக்கிறது. ஆகவே கல்லீரல் தளர்ந்தால் கிளியரன்ஸ் குறையும், அரை ஆயுள் நீளும். மாத்திரை அதேதான், நோயாளிதான் வேறு.

## மாத்திரை மாத்திரையாக ஒரு கணக்கு

நம் நோயாளி 60 கிலோ எடையுள்ளவர். அவருக்கு 200 மி.கி. சாதாரண தியோஃபிலின் மாத்திரை, எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகக் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று கொடுக்கப்படுகிறது. மாத்திரை முழுவதும் உடனே ரத்தத்தில் சேர்ந்துவிடுவதாகக் கொள்வோம். நடைமுறையில் அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் உண்மையான உச்சம் இந்தக் கணக்கைவிடச் சற்றுத் தாழ்ந்தும் தாமதித்தும் வரும்; ஆனால் போக்கு மாறாது.

1. முதல் நாள் காலை 6 மணிக்கு உடலில் 200 மி.கி. பிற்பகல் 2 மணிக்குள் அது 100 ஆகிறது.
2. பிற்பகல் 2 மணி மாத்திரை சேர்ந்ததும் 300. இரவு 10 மணிக்குள் அது 150.
3. இரவு மாத்திரை சேர்ந்ததும் 350. மறுநாள் காலை 175.
4. இரண்டாம் நாள் காலை மாத்திரைக்குப் பின் 375; பிற்பகலில் 187.5.
5. ஐந்தாம் மாத்திரைக்குப் பின் 387.5; இரவு 10 மணிக்கு ஏறத்தாழ 194.

ஒவ்வொரு முறையும் கூடும் அளவைக் கவனியுங்கள்: உச்சம் 100 கூடியது, பிறகு 50, பிறகு 25, பிறகு 12.5. ஏற்றம் ஒவ்வொரு வேளையும் பாதியாகிறது. உச்சம் 400-ஐ நெருங்கும், ஆனால் தாண்டாது. அங்கே ஏன் நிற்கிறது என்பதற்கு முதல் பகுதியில் கண்ட பண்பே காரணம். உடலில் 400 மி.கி. இருக்கும்போது எட்டு மணி நேரத்தில் சரியாக 200 வெளியேறுகிறது. அடுத்த மாத்திரை சேர்ப்பதும் சரியாக 200. வரவும் செலவும் சமமாகிவிட்டதால் அதற்குமேல் சேர இடமில்லை. இதைத்தான் நிலைத்த நிலை, அதாவது ஸ்டெடி ஸ்டேட் என்கிறோம். மருந்து அளவு அசையாமல் நிற்கிறது என்று அதற்குப் பொருளில்லை. 400-க்கும் 200-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வேளையும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதே பொருள்.

இதை 30 லிட்டரால் வகுத்தால் ரத்தச் செறிவு கிடைக்கும். உச்சம் லிட்டருக்கு 13.3 மி.கி., அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் உள்ள தாழ்நிலை 6.7 மி.கி. பழைய பாடநூல்கள் தியோஃபிலினுக்கு 10 முதல் 20 வரை என்று எல்லை வகுத்தன. இப்போது 5 முதல் 15 வரை இருந்தாலே பலருக்குப் போதும் என்று கருதப்படுகிறது. 20-ஐத் தாண்டினால் குமட்டல், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். இன்னும் ஏறினால் வலிப்பு வரும். சில வேளைகளில் முன்னறிகுறி எதுவுமே இல்லாமல் வலிப்பே முதல் அறிகுறியாக வருவதுதான் இந்த மருந்தின் அச்சம்தரும் பண்பு.

## டோஸைக் கூட்டினால் சீக்கிரம் எட்டுமா

மேலே உள்ள கணக்கில் 200-க்குப் பதில் 400 மி.கி. மாத்திரையைப் போட்டுப் பாருங்கள். உச்சங்கள் 400, 600, 700, 750, 775 என்று 800-ஐ நோக்கிப் போகும். சென்று சேரும் உயரம் இரட்டிப்பாகிவிட்டது. செறிவு லிட்டருக்கு 26.7 மி.கி., அதாவது நச்சு எல்லைக்கு வெகு மேலே. ஆனால் தாழ்நிலை தன் இறுதி அளவின் 94 விழுக்காட்டை எட்டுவதற்கு இப்போதும் அதே நான்கு அரை ஆயுட்காலம், அதாவது 32 மணி நேரம்தான் ஆகிறது. ஐந்தாவது அரை ஆயுளில் 97 விழுக்காடு. 'நான்கு முதல் ஐந்து' என்று ஸ்லைடு சொல்வது இதைத்தான்; கணிதப்படி முழுமையாக எட்டுவது ஒருநாளும் நடப்பதில்லை, ஆனால் எஞ்சியிருக்கும் மூன்று விழுக்காடு மருத்துவத்தில் பொருட்டல்ல.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரத்தில் நிலைத்த நிலை வரும் என்பதை அரை ஆயுள் மட்டுமே தீர்மானிக்கிறது. எந்த உயரத்தில் நிலைக்கும் என்பதை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மருந்து கொடுக்கிறோம் என்பதும் கிளியரன்ஸும் தீர்மானிக்கின்றன:

```
Css,avg = (F × Dose / τ) / CL
```

Css,avg என்பது நிலைத்த நிலையில் உள்ள சராசரிச் செறிவு. F என்பது விழுங்கியதில் ரத்தத்தைச் சேரும் பங்கு. தியோஃபிலினுக்கு அது ஏறத்தாழ 1. τ என்பது இடைவெளி. எட்டு மணி நேரத்துக்கு 200 மி.கி. என்றால் மணிக்கு 25 மி.கி.; அதை 2.6-ஆல் வகுத்தால் சராசரிச் செறிவு 9.6. இந்தச் சூத்திரத்தில் அரை ஆயுள் எங்குமே இல்லை என்பதைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சீக்கிரம் எட்ட வேண்டிய அவசரம் இருந்தால் வழி வேறு. முதல் வேளை மட்டும் 400 மி.கி. கொடுத்துவிட்டு, பிறகு எட்டு மணி நேரத்துக்கு 200 என்று தொடர்ந்தால், முதல் மாத்திரையிலிருந்தே 400-க்கும் 200-க்கும் இடையிலான ஊசலாட்டம் தொடங்கிவிடும். இதுவே லோடிங் டோஸ். நோயாளி ஏற்கெனவே இந்த மருந்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்த 400 அதன் மேல் ஏறி உட்காரும் என்பதால், அதை முதலில் விசாரிக்காமல் லோடிங் டோஸ் கொடுக்கக் கூடாது.

## இடைவெளி எதை மாற்றுகிறது

ஒரு நாளைக்கு மொத்தம் 600 மி.கி. என்பதை மாற்றாமல், அதை வெவ்வேறு விதமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சராசரி எல்லாவற்றிலும் அதே 9.6. மாறுவது ஊசலாட்டத்தின் அகலம் மட்டுமே.

| கொடுக்கும் முறை | உச்சம் (மி.கி./லி.) | தாழ்நிலை (மி.கி./லி.) |
|---|---|---|
| 4 மணிக்கு ஒருமுறை 100 மி.கி. | 11.4 | 8.0 |
| 8 மணிக்கு ஒருமுறை 200 மி.கி. | 13.3 | 6.7 |
| 12 மணிக்கு ஒருமுறை 300 மி.கி. | 15.5 | 5.5 |
| 24 மணிக்கு ஒருமுறை 600 மி.கி. | 22.9 | 2.9 |

கடைசி வரிசையில் உள்ள நோயாளி காலையில் நச்சு எல்லைக்குள்ளும் இரவின் பிற்பகுதியில் மருந்தே இல்லாதது போலவும் இருப்பார். ஆஸ்துமாவோ விடியற்காலையில் மோசமாகும் நோய். முதல் வரிசை எண்களில் அழகாக இருக்கிறது. ஆனால் நான்கு மணிக்கொருமுறை எழுந்து மாத்திரை விழுங்க யாராலும் நெடுநாள் முடியாது. எனவே இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது என்பது உச்சம் நச்சு எல்லையைத் தொடாமலும், தாழ்நிலை பயன் எல்லைக்குக் கீழே போகாமலும், மனிதரால் கடைப்பிடிக்கக்கூடிய அளவுக்கு இடைவெளியை நீட்டுவதுதான். எல்லை குறுகலாக இருக்கும் மருந்துகளில் இந்தத் தேடல் அரை ஆயுளுக்கு அருகில் வந்து முடிகிறது என்பதால்தான், இடைவெளி அரை ஆயுளுக்குச் சமம் என்ற விதி பிறந்தது. அது வசதியான தொடக்கப்புள்ளி, இயற்கை விதி அல்ல. பயன் எல்லைக்கும் நச்சு எல்லைக்கும் இடையே நிறைய இடமுள்ள மருந்தை அரை ஆயுளைப் போலப் பல மடங்கு இடைவெளியிலும் கொடுக்கலாம். அமாக்சிசிலினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், கொடுப்பதோ எட்டு மணிக்கு ஒருமுறை.

தியோஃபிலின் இன்று பெரும்பாலும் மெதுவாகக் கரையும் மாத்திரையாகவே 12 மணிக்கு ஒருமுறை கொடுக்கப்படுவதற்கும் இதே அட்டவணைதான் காரணம். மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாகக் குடலில் வெளிப்படுவதால், அரை ஆயுள் மாறாமலேயே உச்சம் தாழ்ந்து தாழ்நிலை உயர்கிறது. அப்படிப்பட்ட மாத்திரையை நசுக்கியோ பொடித்தோ விழுங்கினால் அந்த ஏற்பாடு கலைந்து, முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

## அதே மாத்திரை, இரண்டு மடங்கு அரை ஆயுள்

இனி நோயாளியை மாற்றுவோம். எடை அதே 60 கிலோ, மாத்திரையும் நேரமும் அதேதான். ஆனால் இவருக்குக் கல்லீரல் நோயோ இதயச் செயலிழப்போ இருப்பதால் கிளியரன்ஸ் பாதியாகி, அரை ஆயுள் 16 மணி நேரமாகிவிட்டது. எட்டு மணி நேரத்தில் இவர் உடலில் பாதி வெளியேறுவதில்லை. 29 விழுக்காடு மட்டுமே வெளியேறுகிறது.

முதல் மாத்திரைக்குப் பின் இருவருக்கும் செறிவு ஒன்றே: 6.7. அப்போது எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டாம் நாள் காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்தால் இவருக்கு 10.4 என்று முடிவு வரும். எல்லைக்குள் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தோன்றும் எண். ஆனால் இவர் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு வழியைத்தான் கடந்திருக்கிறார். மாலைக்குள் உச்சம் 18.7, அன்று இரவு 19.9, மூன்றாம் நாள் காலை 6 மணி மாத்திரைக்குப் பின் 20.7. இறுதியாக அவர் போய் நிற்கும் இடம் உச்சம் 22.8, தாழ்நிலை 16.1. நிலைத்த நிலைக்கு இவருக்குத் தேவைப்படும் காலமும் இரட்டிப்பாகி, மூன்று நாளைத் தொடுகிறது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, மருந்து சேர்வதால் வரும் நச்சுத்தன்மை முதல் மாத்திரையில் வெளிப்படாது. 'இரண்டு நாளாக இதே மாத்திரைதானே, ஒன்றும் ஆகவில்லையே' என்று நினைக்கும் நேரத்தில்தான் வரும். இரண்டாவது, நிலைத்த நிலைக்கு முன் எடுத்த ரத்த அளவை இறுதி அளவாக நம்பக் கூடாது. ரத்தம் எடுத்த நேரத்தோடு கடைசி மாத்திரை விழுங்கிய நேரமும், மருந்து தொடங்கிய நாளும் ஆய்வகச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தைராக்சின் அளவை மாற்றிய பின் ஆறு வாரம் கழித்தே டி.எஸ்.எச். பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான்: தைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள், ஐந்து அரை ஆயுள் என்றால் ஐந்து வாரம்.

அரை ஆயுளை நீட்டுவது நோய் மட்டுமல்ல. சிறுநீர்த் தொற்றுக்கு எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், கல்லீரலில் தியோஃபிலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. எரித்ரோமைசினும் தியோஃபிலின் அளவை உயர்த்தும். மறுபுறம், புகைபிடிப்பவர்களிடம் அந்த நொதி கூடுதலாக உற்பத்தியாவதால் அரை ஆயுள் 4 முதல் 5 மணி நேரமாகச் சுருங்குகிறது. அதைத் தூண்டுவது நிகோட்டின் அல்ல, புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள். எனவே மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்து புகையை நிறுத்தியவருக்கு, நிகோட்டின் ஒட்டுப் பட்டை போட்டிருந்தாலும், பழைய டோஸே சில நாட்களில் மிகையாகிவிடும்.

## ஒரு வேளை தவறினால்

முதல் நோயாளி நிலைத்த நிலையில் ஒரு மாத்திரையைத் தவறவிட்டால், அடுத்த வேளை வரும்போது உடலில் 200-க்குப் பதில் 100 மி.கி. இருக்கும். வழக்கமான மாத்திரையைப் போட்டால் 300, அடுத்து 350, அடுத்து 375. பற்றாக்குறை தானாகவே ஒவ்வொரு வேளையும் பாதியாகி ஒரு நாளில் சரியாகிவிடும். தவறியதற்கும் சேர்த்து இரண்டு மாத்திரை போட்டால் 500 மி.கி., செறிவு 16.7. இவர் தப்பித்துவிடுவார். இதையே 16 மணி நேர அரை ஆயுள் உள்ளவர் செய்தால் அவர் செறிவு 24.7-க்கு ஏறிவிடும், ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தால் 18-ல் நின்றிருக்கும். தனக்கு எந்த அரை ஆயுள் என்று நோயாளிக்குத் தெரியாது என்பதால்தான், இரட்டை டோஸ் வேண்டாம் என்ற அறிவுரை பொதுவாகச் சொல்லப்படுகிறது. அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம் வரை உள்ள அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரையில் ஒரு நாள் தவறினால் ரத்த அளவு பாதிக்குக்கூட இறங்காது. அங்கே ஈடுகட்ட வேண்டிய அவசரமே எழுவதில்லை.

## இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

ரத்தத்தில் மருந்து இருக்கும் நேரமும் மருந்தின் வேலை நீடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரின் ரத்தத்தில் 15 முதல் 20 நிமிடங்களில் பாதியாகிவிடுகிறது. ஆனால் அது தொட்ட தட்டணு தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை மீள்வதில்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். ஒமெப்ரசோலின் அரை ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். இரைப்பையின் அமிலப் பம்புகளை அது மீளாதபடி முடக்குவதால் அதற்கும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான். இவற்றின் இடைவெளியை அரை ஆயுளிலிருந்து கணக்கிட முயன்றால் பொருளற்ற விடையே வரும்.

இன்னொரு வகை விலக்கு இதைவிடக் கடுமையானது. மேலே உள்ள கணக்கு முழுவதும், எவ்வளவு மருந்து இருந்தாலும் அதே பங்குதான் வெளியேறும் என்ற பண்பின் மேல் நிற்கிறது. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயினில், சிகிச்சைக்குத் தேவைப்படும் அளவிலேயே கல்லீரல் நொதிகள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. அதற்குமேல் மருந்து சேர்ந்தாலும் வெளியேறும் மில்லிகிராம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அரை ஆயுளே டோஸுடன் நீள்கிறது. 300 மி.கி.-யில் போதிய அளவு வராத ஒருவருக்கு 400 மி.கி. கொடுத்தால், மூன்றில் ஒரு பங்கு உயரும் என்று எதிர்பார்த்த செறிவு இரண்டு மடங்குக்கும் மேல் போய், கண்கள் ஊசலாடி, நடை தள்ளாடும் நிலை வரலாம். அதனால் சிகிச்சை எல்லையை நெருங்கிய பின் ஃபெனிடாயினை 25 அல்லது 50 மி.கி. படிகளில் மட்டும் உயர்த்தி, ஒவ்வொரு படிக்குப் பின்னும் காத்திருந்து ரத்த அளவைப் பார்க்கிறார்கள்.